ஒட்டிய நாற்காலி மிதக்காமல் இருக்க: நிழலின் திசையும் மென்மையும்

வெயிலில் எடுத்த ஒரு மைதானப் படம். இடப்பக்கம் ஒரு கம்பம், வலப்பக்கம் ஒரு கம்பம். நடுவில், கேமராவுக்கு அருகே, ஜிம்ப் மென்பொருளில் ஒரு நாற்காலியை ஒட்ட வேண்டும். வெட்டி எடுத்தாயிற்று, நிறமும் ஒத்துப்போகிறது. இடக்கம்பத்தின் நிழல் எந்தச் சாய்வில் விழுந்ததோ, அதே சாய்வில் நாற்காலிக்கும் ஒரு நிழல் போட்டேன். பார்த்தால் நாற்காலி வேறு சூரியனுக்குச் சொந்தம் போல இருந்தது.

மைதானத்தில் உண்மையில் எல்லா நிழல்களும் இணையாகத்தான் விழுகின்றன. ஆனால் படத்துக்குள் அவை தண்டவாளம் மாதிரி தூரத்தில் ஒரு புள்ளியை நோக்கிச் சேரும். அதனால் சாய்வை நகலெடுக்கக் கூடாது, அந்தப் புள்ளியைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

படி 1: இரண்டு புள்ளிகள்

புதிய லேயரில், ஒவ்வொரு கம்பத்தின் அடியிலிருந்து அதன் நிழலின் நுனி வழியாக ஒரு கோடு இழுத்து இரு பக்கமும் நீட்டுங்கள். தரை சமமாக இருந்தால் இரண்டு கோடுகளும் தொடுவானத்தில் சந்திக்கும். அதை ‘நி’ என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, கம்பத்தின் உச்சியிலிருந்து நிழல் நுனி வழியாக இரண்டு கோடுகள். இவை சந்திக்கும் புள்ளி ‘ஒ’. சூரியன் கேமராவுக்குப் பின்னால் இருந்தால் ‘ஒ’, ‘நி’க்கு நேர் கீழே வரும், எதிரே இருந்தால் நேர் மேலே, சூரியன் இருக்கும் இடத்திலேயே. நேர் மேலோ கீழோ வரவில்லை என்றால், ஏதோ ஒரு நுனியைத் தப்பாகக் குறித்திருக்கிறீர்கள், அல்லது கேமரா சாய்ந்திருக்கிறது.

எனக்கு ‘ஒ’ படத்துக்கு வெளியே போய்விட்டது. கேன்வாஸைக் கீழ்ப்பக்கம் பெரிதாக்கிக்கொண்டேன். கடைசியில் வெட்டிவிடலாம்.

படி 2: நாற்காலியின் நிழல்

நாற்காலியின் ஒரு மூலையை எடுங்கள். அதற்கு நேர் கீழே தரையில் உள்ள புள்ளியிலிருந்து ‘நி’க்கு ஒரு கோடு, மூலையிலிருந்து ‘ஒ’வுக்கு ஒரு கோடு. இரண்டையும் இரு பக்கமும் நீட்டினால் வெட்டும் இடத்தில்தான் அந்த மூலையின் நிழல் விழும். இருக்கையின் நான்கு மூலைகள், சாய்மானத்தின் மேல் மூலைகள் இரண்டு, ஆக ஆறு புள்ளிகள் போதும்.

நான் சறுக்கியது சாய்மானத்தில். அது பின்னால் சாய்ந்திருக்கும். பின்கால் முனையை அடியாக எடுத்தால் நிழல் குட்டையாகவோ கோணலாகவோ வரும். மேல் மூலையிலிருந்து ஒரு தூக்குக்குண்டு தொங்கினால் தரையில் எங்கே தொடுமோ, அதுதான் அடி.

புள்ளிகளை இணைத்து நிரப்பிவிடுங்கள். இதற்கு Paths கருவிதான் என் தேர்வு. பிரஷ்ஷால் வரைந்தால் கால்கள் நடுங்கும்.

படி 3: மென்மை

சூரியன் ஒரு புள்ளி அல்ல. வானத்தில் சுமார் அரை டிகிரி அகலம். அதனால் மறைக்கும் விளிம்பைத் தாண்டி ஒளி ஒரு மீட்டர் போய்த் தரையைத் தொட்டால், நிழல் விளிம்பு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் மங்கும். அடியில் கூர்மை, நுனியில் மங்கல், அவ்வளவுதான்.

படத்தைப் பெரிதாக்கி, கம்ப நிழலின் நுனிக்கு அருகே பக்கவாட்டு விளிம்பின் மங்கலை அளந்து பாருங்கள். எனக்கு 24 பிக்சல். நாற்காலி கம்பத்தின் மூன்றில் ஒரு பங்கு உயரம், அதனால் 8. ஆனால் கேமராவிலிருந்து கம்பம் இருக்கும் தூரத்தில் பாதியிலேயே இருப்பதால் இரு மடங்கு, 16. இந்த 16ஐ அப்படியே பிளரில் போட்டால் பஞ்சாகிவிடும். ஜிம்பில் Gaussian Blur அளவு இதில் சுமார் 0.29 பங்கு, அதாவது 4.6 அளவுக்கு இருந்தால் சரி.

நிழலை வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக வையுங்கள். அதை நகலெடுத்து மேல் நகலை மட்டும் மங்கலாக்கி, கால்களில் கறுப்பு, நுனியில் வெள்ளை என கிரேடியன்ட் மாஸ்க் போடுங்கள். இரண்டையும் ஒரு குரூப்பில் போட்டு, குரூப்பை Multiply ஆக்குங்கள். வெள்ளை மறைந்துவிடும். முதலில் நான் வெள்ளை இல்லாமல் வெறும் ஊடுருவும் லேயர்களில் செய்தேன். மங்கலான நுனிக்கு அடியில் கூர்மையான விளிம்பு எட்டிப் பார்த்தது.

கடைசியாகக் கறுப்பு. குரூப்பின் ஒபாசிட்டியைக் குறைத்து, கம்ப நிழலையும் உங்கள் நிழலையும் கலர் பிக்கரால் தொட்டு ஒப்பிடுங்கள், ஒரே மாதிரித் தரையில். திறந்த வானத்தின் கீழே நிழல் சற்று நீலமாக இருக்கும். கறுப்புக்குப் பதில் கருநீலம் நிரப்பினால் எண்கள் நெருங்கும்.

பின்சேர்க்கை: கோடுகள் தொடுவானத்தில் சேரவில்லை, தரையிலேயே சேருகின்றன என்று ஒருவர் கேட்டிருந்தார். படத்தைப் பார்த்தால் அது வெயில் அல்ல, அறைக்குள் ஒரு விளக்கு. அப்போது ‘ஒ’ என்பது விளக்கேதான், ‘நி’ அதற்கு நேர் கீழே தரையில் உள்ள புள்ளி. படி 2 அப்படியே செல்லும். படி 3இன் அரை டிகிரிக் கணக்கு மட்டும் செல்லாது. விளக்கு எவ்வளவு பெரிதோ, எவ்வளவு அருகிலோ, அவ்வளவு மங்கல். அங்கே படத்தில் ஏற்கனவே இருக்கும், விளக்கிலிருந்து ஏறக்குறைய அதே தூரத்தில் அதே உயரத்தில் உள்ள பொருளின் நிழலை அளந்துதான் ஆக வேண்டும்.