காலித் தட்டை நம்பி நான் எழுதிய கணக்கு

டயட்டீஷியன் பயிற்சியில் இருப்பவர்கள், சாப்பாட்டு சார்ட்டில் 'முழுவதும் சாப்பிட்டார்' என்று எழுதும் முன் கொஞ்சம் நில்லுங்கள். நான் நிற்கவில்லை.

இடுப்பு எலும்பு அறுவை முடிந்த ஒரு வயதான அம்மா, எடை 52 கிலோ. கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி என்று வைத்தால் நாளுக்கு 1,300 முதல் 1,560 வரை தேவை. வார்டு சாப்பாட்டில் சுமார் 1,600 கலோரி, அதோடு பாட்டிலுக்கு 300 கலோரி தரும் சத்து பானம் இரண்டு பாட்டில். நான் மதியம் போகும்போதெல்லாம் தட்டு காலியாக இருந்தது. "நல்லா சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன், தலையாட்டினார். பானம் கொடுத்ததாக நர்ஸ் கையெழுத்தும் இருந்தது. அப்புறமென்ன, 2,200 கலோரி என்று எழுதி மூன்று நாள் நிம்மதியாக இருந்தேன். எடையும் குறையவில்லை, அதனால் சந்தேகமே வரவில்லை.

நான்காம் நாள் என் சீனியர் சாப்பாட்டு நேரத்திலேயே போய் நின்றார். அந்த அம்மா நான்கைந்து ஸ்பூன் எடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். வீணாகக் கூடாதென்று மீதியைச் சாப்பிட்டது கூட இருந்த மகள். அலமாரியில் திறக்காத பாட்டில்கள் வரிசையாக இருந்தன. மறுபடி கணக்குப் போட்டால் சாப்பாட்டில் கால் பங்கு 400, பானத்தில் அரை பாட்டில் 150, மொத்தம் 550. தேவையில் பாதி கூட இல்லை! எடை குறையாததற்குக் காரணம் காலில் இருந்த வீக்கம், உடம்பில் தேங்கிய நீர் தராசில் ஏறி என்னை ஏமாற்றிவிட்டது.

என் முதல் தவறு கேள்வியிலேயே இருந்தது. 'நல்லா சாப்பிட்டீங்களா' என்று கேட்டால் யாரும் 'இல்லை' என்று சொல்லி நம்மை வருத்தப்படுத்த மாட்டார்கள். இப்போது "தட்டில் எதை மிச்சம் வைத்தீங்க, அதை யார் எடுத்தாங்க?" என்று கேட்கிறேன். மகளைத் தனியாகக் கேட்டபோதுதான், பல்செட் வீட்டிலேயே இருப்பதும் மெல்ல முடியாததும் தெரிந்தது, அதை முதல் நாளே கேட்டிருக்கலாம். இரண்டாவது, 'கொடுத்தது' என்பதை 'குடித்தது' என்று படித்தது. கையெழுத்தை விட்டுவிட்டுப் பாட்டிலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். தட்டையும் கால், அரை, முக்கால் என்று, அதுவும் ஒவ்வொரு உணவாகத் தனித்தனியாகப் பிரித்து எழுத வேண்டும், ஏனென்றால் கஞ்சியில் பாதியும் முட்டையில் பாதியும் ஒன்றல்ல.

கண்டுபிடித்ததும் உடனே முழு அளவை ஏற்றிவிடலாம் என்று நான் துடித்தேன், சீனியர் தடுத்தார். அறுவைக்கு முன்பிருந்தே அந்த அம்மா சரியாகச் சாப்பிடாமல் ஐந்து நாளைத் தாண்டியிருந்தது, அப்படிப்பட்ட உடம்பில் திடீரென நிறைய கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்துவிடலாம். ரத்தப் பரிசோதனைக்கு மருத்துவரிடம் சொல்லிவிட்டு, தேவையில் பாதி அளவில் மென்மையான உணவோடு தொடங்கினோம். பல்செட் மறுநாள் வந்தது.