கணக்கில் தெரியாமல் கழிந்த பணம்: வங்கிக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அக்காவின் சேமிப்புக் கணக்கை உதாரணமாக வைத்துக்கொள்வோம். மார்ச் மாதக் கணக்குக் கூற்றில் 5ஆம் திகதிக்கு நேரே `SI INS PREM` என்று ரூ. 1,950 கழிந்திருக்கிறது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

முதலில் அந்த வரியைப் படியுங்கள். `SI` என்றால் பெரும்பாலும் நிலையியற் கட்டளை, அதாவது மாதாமாதம் தானாகக் கழியும் ஏற்பாடு. `INS PREM` காப்புறுதிக் கட்டுப்பணத்தைக் குறிக்கும். கடன் எடுக்கும்போதோ கணக்குத் திறக்கும்போதோ நீட்டிய படிவங்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம். கழிந்தது அட்டை மூலம் என்றால் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே வங்கிக்குப் போன் செய்து அட்டையை நிறுத்துங்கள்.

அப்புறம் பழைய மாதங்களையும் பாருங்கள். இந்த அக்காவுக்கு ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அதே தொகை போயிருந்தது. ஆகவே கேட்க வேண்டியது ரூ. 5,850. மார்ச்சை மட்டும் எழுதினால் மார்ச்சுக்கு மட்டும்தான் பதில் வரும்.

இனிக் கடிதம். முகவரி, திகதி, கணக்கு இலக்கம், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை மேலே எழுதிவிட்டு இப்படித் தொடருங்கள்:

> முகாமையாளர் அவர்களுக்கு,
>
> தெரியாத பற்றுக்கு விளக்கமும் மீள வரவும் கோரல்
>
> எனது கணக்கில் ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மாதங்களில் 5ஆம் திகதி `SI INS PREM` என ரூ. 1,950 வீதம் மொத்தம் ரூ. 5,850 கழிக்கப்பட்டுள்ளது. இதற்கு நான் சம்மதம் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.
>
> இப்பணம் யாருக்குச் சென்றது என்பதை எழுத்தில் அறியத்தாருங்கள். நான் கையொப்பமிட்ட படிவம் இருந்தால் அதன் பிரதியைத் தாருங்கள். அப்படி ஒன்று இல்லையெனில் முழுத் தொகையையும் என் கணக்கில் மீள வரவு வைக்கவும். விசாரணை முடியும்வரை இனிக் கழிக்க வேண்டாம்.

படிவத்தின் பிரதியைக் கேட்பதுதான் இந்தக் கடிதத்தின் உயிர். கையொப்பம் உங்களுடையதா இல்லையா என்பதில்தான் பணம் திரும்புவது பெரும்பாலும் தங்கியிருக்கிறது. “திருடிவிட்டீர்கள்” என்று எழுதாதீர்கள், அது உண்மையில் மறந்துபோன காப்புறுதியாகவும் இருக்கலாம். அப்படியென்றால் கட்டுப்பணத்தை நிறுத்தினால் காப்புறுதி காலாவதியாகக்கூடும் என்பதையும் யோசித்து முடிவெடுங்கள். இரகசிய இலக்கத்தையோ போனுக்கு வரும் ஓடீபியையோ கடிதத்தில் எழுதவே கூடாது.

கூற்றின் பிரதியில் அந்த வரிகளுக்குக் கீழே கோடிட்டு இணையுங்கள். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், உங்கள் பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். கவுண்டரில் “பார்த்துச் சொல்கிறோம்” என்றாலும் முத்திரை இல்லாமல் திரும்பாதீர்கள். கிளைக்குப் போக ஒரு நாள் சம்பளம் போகும் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

பதில் வராவிட்டால் முத்திரையிட்ட பிரதியோடு தலைமை அலுவலகத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கும் தீராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.