ஃபோன் பேட்டரி உப்பினால் உடனே என்ன செய்ய வேண்டும்?

கத்திரி வெயில் நாட்களில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் எங்கள் சர்வீஸ் கடைக்கு உப்பிய பேட்டரிகள் அதிகம் வரும். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பேட்டரி ஏன் உப்புகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த அந்த நிமிடம் முதல் என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

வந்தவர் வாடகை கார் ஓட்டும் அண்ணன். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தினமும் ஓட்டுபவர். "தம்பி, டிஸ்ப்ளே ஒரு பக்கம் தூக்கிக்கிச்சு. கம் வச்சு ஒட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடு, சவாரி இருக்கு" என்றார். ஃபோனைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். வால்யூம் பட்டன் இருக்கும் பக்கத்தில் டிஸ்ப்ளேவுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே நகம் நுழையும் அளவு இடைவெளி. கம் விட்டுப்போயிருந்தால் டிஸ்ப்ளே ஆடும், விரலால் தொட்டால் திரும்ப உட்காரும். இது அப்படி இல்லை. உள்ளிருந்து ஏதோ தள்ளிக்கொண்டு நின்றது. இந்த நிலையில் ஒட்டி, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்குவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான வேலை. ஏன் என்று புரிய, பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஏன் உப்புகிறது

ஃபோன் பேட்டரி ஒரு மெல்லிய அலுமினியப் பை. உள்ளே இரண்டு மின்முனைத் தகடுகளும், அவை ஒன்றையொன்று தொடாமல் இருக்க நடுவே மிக மெல்லிய பிளாஸ்டிக் படலமும் இருக்கின்றன. இவை நனையும் அளவுக்கு எலக்ட்ரோலைட் என்ற திரவம். இந்தத் திரவம் எளிதில் தீப்பிடிக்கும். பேட்டரிக்கு வயதாகும்போது திரவம் மெல்லச் சிதைந்து வாயுவாக மாறும். பை முழுக்க ஒட்டி மூடியிருப்பதால் வாயுவுக்கு வெளியே போக வழியில்லை. பை பூரி போல உப்புகிறது. வந்த வாயு திரும்பத் திரவமாகாது. இரண்டு நாள் பயன்படுத்தாமல் வைத்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

இந்தச் சிதைவை வேகப்படுத்துபவை இரண்டு: சூடு, எப்போதும் முழு சார்ஜில் இருப்பது. இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். அந்த அண்ணனின் ஃபோன் கார் கண்ணாடியை ஒட்டிய ஸ்டாண்டில், நேர் வெயிலில், மேப் ஓடிக்கொண்டே, காலை முதல் இரவு வரை சார்ஜரில் இருந்தது. வண்டியை வெயிலில் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகும்போதும் ஃபோன் அங்கேயே இருக்கும். மூடிய காருக்குள் டாஷ்போர்டு பக்கம் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஃபோன் கம்பெனிகள் 35 டிகிரிக்கு மேல் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்கின்றன. மே மாதக் கடலூரில் நிழலிலேயே அதற்கு மேல்தான்.

வேறு வழிகளிலும் உப்பும். கீழே விழுந்து பேட்டரி நசுங்கியிருக்கலாம், மலிவான போலி பேட்டரி போட்டிருக்கலாம், சார்ஜ் இல்லாமல் பீரோவில் வருடக்கணக்கில் கிடந்த பழைய ஃபோனாக இருக்கலாம்.

இப்போது ரப்பர் பேண்டுக்கு வருவோம். உப்பிய பையை அழுத்தினால் நடுவில் இருக்கும் படலம் கிழியலாம். தகடுகள் இரண்டும் தொட்டால் உள்ளேயே ஷார்ட் ஆகி, சில நொடிகளில் புகை, பிறகு தீ.

எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது

முதலில் கவரைக் கழற்றுங்கள். பெரும்பாலானவர்கள் தாமதமாகக் கவனிப்பதற்குக் காரணமே கவர்தான். வழக்கமாகச் சுலபமாகக் கழலும் கவர் இறுக்கமாக வந்தால் அதுவே ஓர் அறிகுறி.

அடுத்து ஒரு ஸ்டீல் ஸ்கேலை, கேமரா மேட்டைத் தவிர்த்து, ஃபோனின் பின்பக்கத்தில் குறுக்கே நிறுத்தி வெளிச்சத்துக்கு நேராகப் பாருங்கள். அழுத்த வேண்டாம். பின்பக்கம் தட்டையாக உள்ள ஃபோன் என்றால் ஸ்கேல் முழுதாகப் படியும். ஸ்கேல் நடுவில் மட்டும் தொட்டு, இரு ஓரங்களிலும் வெளிச்சம் தெரிந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. விளிம்பு வளைந்த ஃபோன்களில் ஓரத்தில் இயல்பாகவே கொஞ்சம் வெளிச்சம் தெரியும். அங்கே நடுப்பகுதியை மட்டும் பாருங்கள். டிஸ்ப்ளேயின் நான்கு ஓரங்களையும் இதே போலப் பாருங்கள். திரையின் நடுவில் புதிதாக வெள்ளைத் திட்டு தெரிவது, பக்கவாட்டு பட்டன் இறுகிப்போவது, சார்ஜ் 40 காட்டும்போதே ஃபோன் அணைவது ஆகியவையும் சேர்ந்து வரலாம். ஆனால் சார்ஜ் சீக்கிரம் இறங்குவது மட்டும் என்றால் அது சாதாரண வயதுதான், உப்பல் என்று பயப்பட வேண்டாம்.

உடனே செய்ய வேண்டியது

1. சார்ஜரில் இருந்தால் சுவிட்சை அணைத்துவிட்டுக் கேபிளை எடுங்கள். அதன் பிறகு ஐந்து நிமிடம்கூடச் சார்ஜ் போடக் கூடாது.

2. ஃபோன் சுடுகிறதா, "உஸ்" என்று சத்தம் வருகிறதா, நெயில் பாலிஷ் போல வாசனை வருகிறதா என்று கவனியுங்கள். இதில் ஒன்று இருந்தாலும் ஃபோனைத் தொடாமல் எல்லோரும் வெளியே வாருங்கள், 101-ஐ அழையுங்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருக்கும். ஃபோட்டோவுக்காக உள்ளே திரும்பிப் போகாதீர்கள்.

3. ஃபோன் குளிர்ச்சியாக, வாசனை இல்லாமல் இருந்தால் ஸ்விட்ச் ஆஃப் செய்யுங்கள். இங்கேதான் எல்லோரும் தயங்குகிறார்கள்: "ஃபோட்டோ எல்லாம் போயிடுமே, ஜிபே ஓடாதே." ஃபோட்டோக்கள் போர்டில் இருக்கும் மெமரி சிப்பில் இருக்கின்றன, பேட்டரியை மாற்றினால் அவை அழியாது. ஓடிபி வேண்டும் என்றால், அணைத்த பிறகு சிம் டிரேயை எடுத்து வேறு ஃபோனில் போடுங்கள். டிரே இறுகியிருந்தால் பின்னைப் போட்டுக் குத்தாதீர்கள்.

4. மெத்தை, சோபா, திரைச்சீலை இல்லாத இடத்தில், டைல்ஸ் அல்லது சிமென்ட் தரையில் நிழலாக வையுங்கள். மண் சட்டியில் காய்ந்த ஆற்று மணல் பரப்பி அதன் மேல் வைத்தால் இன்னும் நல்லது. மூடி போட்டு இறுக்க வேண்டாம். தேவனாம்பட்டினம் கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள். உப்பு ஈரம் மின்சாரத்தைக் கடத்தும். ஃபிரிட்ஜும் அரிசி டப்பாவும் வேண்டாம்.

5. கடைக்கு முன்கூட்டியே ஃபோன் செய்து, உப்பிய பேட்டரி என்று சொல்லிவிட்டு, காலையிலோ மாலையிலோ எடுத்துப் போங்கள். சட்டைப் பையிலும் பைக் சீட்டுக்கு அடியிலும் வைக்காதீர்கள். திறந்த அட்டைப்பெட்டியில் கையில் பிடித்துப் போவதே சரி.

கடையில் என்ன பார்க்க வேண்டும்

அந்த அண்ணனின் ஃபோனைத் திறந்தபோது பேட்டரியின் நடுப்பகுதி இரண்டு மடங்கு தடிமனாக இருந்தது. அடியில் ஒட்டியிருந்த பசையில் ஸ்பிரிட்டைச் சொட்டு சொட்டாக விட்டு, பசை இளகும்வரை காத்திருந்து, பிளாஸ்டிக் பட்டையால் ஓரத்திலிருந்து மெல்ல விடுவித்தோம். ஒருவர் ஸ்க்ரூடிரைவரை அடியில் விட்டு நெம்பினால், அல்லது ஹீட் கன்னை உப்பிய இடத்துக்கு நேராகக் காட்டினால், நிறுத்தச் சொல்லி ஃபோனைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

புதிய பேட்டரியில் IS 16046 என்ற இந்தியத் தர எண்ணும், R- என்று தொடங்கும் பதிவு எண்ணும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பதிவு எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் BIS Care செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். பழைய பேட்டரியை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதை மற்றக் குப்பையுடன் சேர்க்கக் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கேயே பற்றிக்கொள்ளும். எங்கே கொடுப்பீர்கள் என்று கடையில் கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் விடாமல், அந்த ஃபோன் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.

அண்ணனிடம் ஸ்டாண்டைக் கண்ணாடியிலிருந்து எடுத்து ஏசி காற்று வரும் இடத்தில் மாட்டச் சொன்னேன். செட்டிங்ஸில் சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி வைத்துக் கொடுத்தேன். அந்த வசதி உங்கள் ஃபோனிலும் இருந்தால் பேட்டரி பகுதியில் கிடைக்கும். வண்டியை விட்டு இறங்கும்போது ஃபோனையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள்.