‘அசாதாரணமான’ தலைசுற்றல்

ஐரோப்பிய முறைப்படி எழுதப்பட்ட மருந்துத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்கியபோது, பக்கவிளைவுகள் பகுதியில் ‘அன்காமன்’ என்ற தலைப்பை ‘அசாதாரணமான பக்கவிளைவுகள்’ என்று எழுதிவிட்டேன். அகராதிப்படி அதில் பிழையில்லை. ஆனால், வாசித்துப் பார்த்த என் பெரியம்மா, “அசாதாரணமான தலைசுற்றல்னா ரொம்பக் கடுமையா சுத்துமா?” என்று கேட்டார். எத்தனை பேருக்கு வரும் என்பதைச் சொல்ல வேண்டிய சொல், எவ்வளவு கடுமையாக வரும் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அதன்பின் பெயரடையை விட்டு வினையடைக்கு மாறினேன். 10 பேரில் ஒருவருக்கு மேல் என்றால் ‘மிகப் பரவலாக’, 10-இல் ஒருவர் வரை ‘பரவலாக’, 100-இல் ஒருவர் வரை ‘குறைவாக’, 1,000-இல் ஒருவர் வரை ‘அரிதாக’, 10,000-இல் ஒருவர் வரை ‘மிக அரிதாக’ என்று பட்டியல் வகுத்து, ஒவ்வொரு தலைப்பையும் ‘குறைவாக ஏற்படக்கூடியவை (அதிகபட்சம் 100 பேரில் ஒருவருக்கு ஏற்படலாம்)’ என்ற வடிவில் அமைத்தேன். ‘அதிகபட்சம்’ என்பதை முன்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. ‘100 பேர் வரை ஒருவருக்கு’ என்று முன்பு எழுதியது எனக்கே புரியவில்லை. ‘ஏற்படலாம்’ என்பதை ‘ஏற்படும்’ என்று சுருக்கவும் கூடாது.

கடைசித் தலைப்பான ‘தெரியாதவை’ பக்கவிளைவே தெரியாது என்று ஒலித்ததால், ‘எத்தனை பேருக்கு ஏற்படும் என்று கிடைத்துள்ள தரவுகளைக் கொண்டு கணிக்க இயலாதவை’ என்று நீட்டினேன்; பெட்டிக்குள் இடம் பற்றாமல் வடிவமைப்பாளர் முணுமுணுத்தார்.