90% நிபந்தனையை சால்வருக்குள் கொண்டுவந்த விதம்

ஒரு பேக்கரியின் தினசரி ரொட்டி உற்பத்தியை லீனியர் புரோகிராமாக எழுதிக்கொண்டிருந்தேன். "நூறு நாளில் தொண்ணூறு நாளாவது தட்டுப்பாடே வரக்கூடாது" என்றார் உரிமையாளர். ஆனால் அதைத் தீர்க்கும் மென்பொருளான சால்வருக்கு நிகழ்தகவு புரியாது. நல்லவேளை, தேவை நார்மல் பரவலை ஒட்டியே இருந்தது. தேவையை D, உற்பத்தியை x, தேவையின் சராசரியை μ, திட்டவிலக்கத்தை σ என்று வைத்தால், P(D ≤ x) ≥ 0.9 என்பதும் x ≥ μ + zσ என்பதும் ஒன்றுதான். எக்செலில் `=NORM.S.INV(0.9)` போட்டால் z = 1.2816 கிடைக்கும். (பலர் 1.645 போடுவார்கள், இங்கே அது 95%-க்கானது.)

இரண்டு கடைகள்: சராசரி 300, 200, திட்டவிலக்கம் 40, 30. சரக்கு ஒரே கிடங்கிலிருந்து போகிறது, தேவைகளும் ஒன்றையொன்று சாராதவை. அதனால் σ 70 அல்ல, √(40² + 30²) = 50. ஆக x ≥ 500 + 64.08, அதாவது 565 ரொட்டி. 70 வைத்திருந்தால் 590 ஆகியிருக்கும். பண்டிகை நாளில் மட்டும் இரண்டு கடையிலும் கூட்டம் சேர்ந்தே ஏறும்; அப்போது 50 போதாது, உடன்மாறுபாட்டையும் வர்க்கமூலத்துக்குள் சேர்க்க வேண்டும்.