வீட்டுப் பெயரா, பத்திரப் பெயரா? பெயர் எண் பார்க்க எந்த எழுத்துக்கூட்டை எடுப்பது

பெயர் எண் பார்க்கப் பழகுகிறவர்கள் கூட்டலில் பிழை விடுவது குறைவு. எந்தப் பெயரைக் கூட்டுவது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரே ஆளுக்குப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், வீட்டில் வேறொரு பெயர், கடவுச்சீட்டில் இன்னொரு எழுத்துக்கூட்டு என்று இருப்பது சாதாரணம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் எண் வரும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, பலன் நன்றாக இருப்பதைப் பிடித்துக்கொள்கிறவர்கள் பலர். அப்படிச் செய்தால் பார்த்ததில் பயனில்லை. பெயரை முதலில் முடிவு செய்யவேண்டும், கூட்டல் பிறகுதான்.

உதாரணத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். பெயர் சிவலிங்கம் பிரதீபன். 15ஆம் திகதி பிறந்தவர், ஆகவே பிறவி எண் 6. திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறார். வீட்டிலும் கடையிலும் அவரைத் "தீபன்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

படி 1: எந்த முறை என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம்மூரில் எண் சோதிடம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கல்தேய முறையைத்தான் கையாள்கிறார்கள். கீரோ என்ற பெயரில் எழுதியவர் பரப்பிய அட்டவணை இது:

```
1: A I J Q Y
2: B K R
3: C G L S
4: D M T
5: E H N X
6: U V W
7: O Z
8: F P
```

இதில் எந்த எழுத்துக்கும் 9 இல்லை. மற்றது பித்தாகரஸ் முறை. அதில் A முதல் I வரை 1 முதல் 9, பிறகு J இலிருந்து மறுபடியும் 1 என்று ஓடும். இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்கள் பலவும் இந்த இரண்டாவது முறையில் இயங்குபவை. உங்கள் கணிப்பான் எந்த முறை என்று அறிய, பெயர்க் கட்டத்தில் I என்ற ஒற்றை எழுத்தை மட்டும் கொடுங்கள். விடை 1 என்றால் கல்தேயம், 9 என்றால் பித்தாகரஸ்.

இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெயர்க் கேள்விக்கு இரு முறைகளும் தருகிற விடை வேறு. பித்தாகரஸ் முறை பிறந்தபோது பதிந்த முழுப் பெயரைக் கேட்கிறது. செல்லப் பெயருக்கு அங்கே துணையிடம்தான். கல்தேய முறை, ஒருவர் இப்போது எந்தப் பெயரால் அறியப்படுகிறாரோ அதை எடுக்கச் சொல்கிறது. "பத்திரப் பெயர்தான் சரி" என்று ஒருவரும் "கூப்பிடுகிற பெயர்தான் சரி" என்று இன்னொருவரும் சண்டை பிடித்தால், அநேகமாக இருவரும் வெவ்வேறு முறையைப் பற்றிக் கதைக்கிறார்கள்.

படி 2: பத்திரத்தில் உண்மையில் என்ன இருக்கிறது?

இங்கே பலர் கவனிக்காத ஒன்று. யாழ்ப்பாணத்தில் பிறப்பைப் பதிவது தமிழில். பத்திரத்தில் இருப்பது "பிரதீபன்". மேலேயுள்ள அட்டவணையோ ஆங்கில எழுத்துகளுக்கானது. அப்படியென்றால் அந்தத் தமிழ்ப் பத்திரத்தில் கூட்டுவதற்கு ஒரு எழுத்துக்கூட்டே இல்லை. அது பிறகு வந்தது: பத்திரத்தை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தவரோ, பாடசாலையில் பெயர் எழுதிய ஆசிரியரோ, கடவுச்சீட்டு விண்ணப்பத்தை நிரப்பித் தந்தவரோ போட்டது. அவர் கை மாறினால் எண்ணும் மாறும்:

```
PIRATHEEPAN  8+1+2+1+4+5+5+5+8+1+5 = 45 → 9
PRATHEEPAN   8+2+1+4+5+5+5+8+1+5   = 44 → 8
PRADEEPAN    8+2+1+4+5+5+8+1+5     = 39 → 12 → 3
```

ஒரே தமிழ்ப் பெயர், மூன்று எண்கள். ஒரு I போனதும் 9 எட்டாகிவிட்டது. எட்டு என்றாலே பதறுகிறவர்கள் நம்மில் நிறைய. அந்தப் பதற்றத்தில்தான் எழுத்தைச் சேர்ப்பதும் வெட்டுவதும் தொடங்குகிறது.

ஆகவே பத்திரப் பெயரை எடுப்பதென்றால், கடவுச்சீட்டில் அல்லது சாதாரண தரப் பரீட்சைச் சான்றிதழில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதவேண்டாம். இரண்டிலும் வேறுவேறாக இருந்தால், அவர் கையொப்பமும் வங்கிக் கணக்கும் எதனோடு ஒத்துப்போகிறதோ அதை எடுங்கள்.

படி 3: வீட்டுப் பெயரைச் சோதியுங்கள்

எல்லா வீட்டுப் பெயரும் கணக்கில் வராது. நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களும் அந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறார்களா? அந்தப் பெயரை அவரே நிலையான ஓர் எழுத்துக்கூட்டில் எழுதி வருகிறாரா?

"குஞ்சு", "பபா", "சின்னவன்" போன்றவை அநேகமாக முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். அம்மம்மா கூப்பிடுகிற பெயருக்கு எழுத்துக்கூட்டு தேடி எண் போடத் தேவையில்லை. நம் பிரதீபனின் "தீபன்" வேறு வகை. வாடிக்கையாளர்கள் அந்தப் பெயரைத்தான் கேட்டு வருகிறார்கள். பற்றுச்சீட்டில், முகநூலில், கடைப் பலகையில் THEEPAN என்றே இருக்கிறது. இரண்டு கேள்வியிலும் தேறுகிறது.

ஒருவர் ஓரிடத்தில் THEEPAN என்றும் இன்னோரிடத்தில் DEEPAN என்றும் எழுதினால் இரண்டாவது கேள்வியில் தேறவில்லை. முன்னதற்கு 33, பின்னதற்கு 28. அப்படிப்பட்டவருக்கு வீட்டுப் பெயரை விட்டுவிட்டு, கையொப்பப் பெயரையே எடுக்கலாம்.

படி 4: முதலெழுத்தும் அப்பாவின் பெயரும்

எழுதும்போது முதலெழுத்துச் சேர்த்து எழுதுகிறவருக்கு அதையும் கூட்டவேண்டும். புள்ளிக்கு எண் இல்லை. திரு, டாக்டர் போன்றவற்றைச் சேர்ப்பதில்லை. கல்தேய முறையில் பிரதீபனின் கணக்கு இப்படி:

```
THEEPAN        4+5+5+5+8+1+5 = 33 → 6
S.PIRATHEEPAN  3+45          = 48 → 12 → 3
```

பிரதான பலனை THEEPAN என்ற பெயருக்கே பார்க்கவேண்டும். 6 என்பது அவருடைய பிறவி எண்ணோடு பொருந்துகிறது. ஆனால் அந்தப் பெயரை எடுத்தது அதற்காக அல்ல, ஊர் அவரை அப்படி அறிந்திருப்பதால். 9 வந்திருந்தாலும் அதையேதான் எடுத்திருப்போம். வங்கி, ஒப்பந்தம், காணி உறுதி போன்ற விடயங்களைப் பற்றிக் கேட்டால் கையொப்பப் பெயரின் 3ஐத் துணையாக வைத்துப் பார்க்கலாம். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்கக்கூடாது. அப்படி ஒரு வழக்கம் எந்த முறையிலும் இல்லை.

பித்தாகரஸ் முறையில் பார்க்க விரும்பினால் அப்பாவின் பெயரோடு முழுப் பெயர்தான்:

```
SIVALINGAM   44 → 8
PIRATHEEPAN  59 → 14 → 5
8 + 5 = 13 → 4
```

இந்த 4ஐ மேலேயுள்ள 6ஓடு ஒப்பிடவேண்டாம். அளவுகோல் வேறு.

எண் பிடிக்கவில்லையென்றால்

எண் சோதிடம் நம்பிக்கை சார்ந்தது. எழுத்தை மாற்றினால் வாழ்க்கை மாறும் என்பதற்கு விஞ்ஞான நிரூபணம் இல்லை. கடவுச்சீட்டில் ஓர் எழுத்தும் பரீட்சைச் சான்றிதழில் வேறோர் எழுத்தும் இருந்தால் விசா விண்ணப்பத்திலும் வங்கியிலும் வருகிற சிக்கல் மட்டும் நிச்சயம். ஆகவே ஆவணங்களைத் தொடாதீர்கள். மாற்றிப் பார்க்கவே விருப்பமென்றால் கடைப் பலகையிலும் முகநூலிலும் மாற்றுங்கள். அந்தப் புதிய எழுத்துக்கூட்டு ஊர் வழக்கில் படியும்வரை பலனுக்குப் பழைய பெயரையே எடுங்கள்.

வெளிநாடு போனவர்களுக்கு மட்டும் கணக்கைப் புதிதாகப் போடவேண்டி வரலாம். கனடாவிலோ லண்டனிலோ அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிடுகிறது. வேலையிடத்தில் பிரதீபனை எல்லோரும் சிவலிங்கம் என்று கூப்பிடத் தொடங்கி, அவரும் அப்படியே எழுதி வந்தால், கல்தேய முறையில் அவருக்கு இப்போது பார்க்கவேண்டியது SIVALINGAM: 28, அதாவது 10, கடைசியில் 1. பலன் எழுதும் தாளின் தலைப்பில் முறையையும் எழுத்துக்கூட்டையும் திகதியையும் குறித்து வையுங்கள். அடுத்த முறை பார்ப்பவருக்கு எந்தப் பெயரின் கணக்கு அது என்று தெரியவேண்டும்.