பதவிப் பெயரை விட்டுவிட்டு, கப்பல் ஏன் தவறுகிறது என்று பாருங்கள்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு என் சித்தி மகள் விண்ணப்பக் கடிதம் எழுதினாள். கடிதத்தின் முதல் வரி: “மூன்று வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையரிடம் பேசுவது, சாம்பிள், ஃபாலோ-அப் எல்லாம் தெரியும்.” பொய்யில்லை. ஆனால் அந்த வேலைக்கு வருகிற கடிதமெல்லாம் அப்படித்தான் தொடங்கும். சரி, மாற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தோம்.

1. விளம்பரத்தில் வழக்கமில்லாத வரியைத் தேடுங்கள்

எக்செல், ஆங்கிலம், அனுபவம் எல்லாம் எல்லோரும் கேட்பவை, தாண்டிப் போங்கள். இதில் ஒரு வரி தனியாக நின்றது: “லேப் டிப் அப்ரூவலைத் தேதிக்குள் வாங்க வேண்டும், டையிங் யூனிட்டுக்கு நேரில் போக வேண்டும்.”

லேப் டிப் என்பது சிறு துணித் துண்டில் சாயம் ஏற்றி, நிறம் சரியா என்று ஆர்டர் கொடுத்த பையருக்கு அனுப்பும் மாதிரி. அவர் சரி சொல்லாமல் மொத்தத் துணிக்குச் சாயம் போட முடியாது. இரண்டு முறை திரும்பி வந்தால் தையலுக்கான நாள்கள் கரையும், கப்பல் போய்விடும். அப்புறம் சரக்கை விமானத்தில்தான் அனுப்ப வேண்டும். தாமதம் நம் பக்கம் என்றால் அந்தச் செலவும் பெரும்பாலும் நம் தலையில்தான். முதலாளிக்கு வலிப்பது அங்கே.

2. அந்த வலியைத் தொடும் ஒரே ஒரு சாதனையை எடுங்கள்

அவளிடம் ஐந்தாறு இருந்தன. “சிறந்த ஊழியர்” விருதைச் சேர்க்க ஆசைப்பட்டாள், வேண்டாம் என்றேன். பொருந்தியது வேறு. பழைய இடத்தில் நிறங்கள் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டபோது, டையிங் யூனிட்டில் ட்யூப்லைட்டுக்குக் கீழே வைத்து நிறம் பார்ப்பதை அவள்தான் கவனித்தாள். பையர் பார்ப்பதோ லைட் பாக்ஸில், பகல் வெளிச்சத்துக்கு நிகரான D65 வெளிச்சத்தில். ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும் நிறம் இன்னொன்றில் விலகித் தெரியும்.

3. காரணத்தையும் செயலையும் பலனையும் கோத்து எழுதுங்கள்

“லேப் டிப் தாமதத்தைக் குறைக்க ஆள் தேடுகிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். ஒரு சீசனில் எங்கள் 12 நிறங்களில் 7 முதல் முறை நிராகரிக்கப்பட்டன. பையர் சொன்ன வெளிச்சத்தில் பார்த்த பிறகே அனுப்புவது என்று டையிங் யூனிட்டோடு முடிவு செய்தேன். அடுத்த சீசனில் 12-இல் 2 மட்டுமே திரும்பின.”

“உங்களிடம் தாமதம் அதிகம்” என்று எழுதிவிடாதீர்கள். விளம்பரத்தை வைத்து நாம் செய்வது ஊகம்தான். “புரிந்துகொண்டேன்” அளவில் நிற்கட்டும். பழைய பையரின் பெயரும் வேண்டாம். எண்ணுக்குக் கையில் கணக்கு இல்லையென்றால், எண்ணை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

4. ஒரு சோதனை

“மெர்ச்சண்டைசர்” என்ற சொல்லை அடித்துவிட்டுப் படியுங்கள். எதற்கு ஆள் தேடுகிறார்கள் என்று அப்போதும் தெரிய வேண்டும். அவளுடைய முதல் கடிதத்தில் அடித்த பிறகு எதுவுமே மிஞ்சவில்லை.

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தால் எழுதிய வரியைத்தான் தோண்டுவார்கள். அவளிடம் முதலில் கேட்டது: “டையிங்காரங்க ஒத்துக்கிட்டாங்களா? எப்படிப் பேசினீங்க?”